ஏ ஃபிளாட்டில் தொடங்கி ஏ ஃபிளாட்டிலேயே முடியும் ஆறு கார்டு: ரோமன் எண் எப்படிப் போடுவது?

குழித்துறை_கீபோர்டு

எல்லாருக்கும் வணக்கம். திருவனந்தபுரத்தில் செலோ படிக்கும் என் தங்கை, பிராம்ஸின் டபுள் கன்செர்ட்டோவில் ஒரு பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறாள். ஓபஸ் 102, 1887இல் எழுதியது. முதல் மூவ்மென்ட், 270ஆம் பாரை ஒட்டி வரும் இடம். "அண்ணா, இதுக்கு ரோமன் எண் போட்டுத் தா" என்கிறாள். நான் சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவன். ஒன்று, நான்கு, ஐந்து என்றால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இது பிடிபடவில்லை. மேலே உள்ள அலங்காரத்தை எல்லாம் உரித்துவிட்டால் மிஞ்சுவது இவ்வளவுதான்:

ஏ ஃபிளாட் மேஜர், ஜி ஷார்ப் மைனர், ஈ மேஜர், ஈ மைனர், சி மேஜர், சி மைனர், மறுபடி ஏ ஃபிளாட் மேஜர்.

கன்செர்ட்டோ ஏ மைனரில் உள்ளது. அதன் டாமினன்டான ஈ மேஜர் நடுவில் வந்துபோகிறது, ஆனால் டாமினன்ட் மாதிரிக் கேட்கவே இல்லை. வாசித்துப் பார்த்தால் வழுக்கிக்கொண்டே போகிறது. கீ எந்த இடத்தில் மாறியது என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. யாராவது சொல்லுங்கள்.

பாறசாலை_பாஸ்

தம்பி, இதில் குழம்ப ஒன்றுமில்லை. ஏ ஃபிளாட்டை ஒன்று என்று வைத்துக்கொள். ஜி ஷார்ப் மைனர் என்பது ஏ ஃபிளாட் மைனரேதான், பெயர்தான் வேறு. ஈ மேஜர் என்பது எஃப் ஃபிளாட் மேஜர், அதாவது மைனரிலிருந்து இரவல் வாங்கிய ஆறாம் கார்டு. சி மேஜர் மூன்றாம் கார்டு. இப்படி எழுதிக் கொடு:

```
I - i - bVI - bvi - III - iii - I
```

வேலை முடிந்தது.

மார்த்தாண்டம்_டீச்சர்

பாஸ் எழுதியதில் எண் ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் தப்பு சொல்ல முடியாது. சேர்த்துப் பார்த்தால்தான் சிக்கல்.

ஏ ஃபிளாட்டிலிருந்து எஃப் ஃபிளாட்டுக்கு இறங்குவது ஒரு மேஜர் தேர்ட். சியிலிருந்து ஏ ஃபிளாட்டுக்கு இறங்குவதும் மேஜர் தேர்ட். நடுவில் எஃப் ஃபிளாட்டிலிருந்து சிக்கு இறங்குவது என்ன? எழுத்துப்படி பார்த்தால் அது டிமினிஷ்டு ஃபோர்த். காதுக்கு மூன்றும் ஒரே தூரம், ஒரே நகர்வு, ஒரே உணர்ச்சி. ரோமன் எண்ணோ நடுவில் உள்ள ஒன்றை மட்டும் வேறு சாதியாக்கி வைக்கிறது. சரி, எழுத்தை ஒழுங்காகவே கொண்டுபோவோம் என்று மேஜர் தேர்டாகவே இறங்கினால் ஏ ஃபிளாட், எஃப் ஃபிளாட், டி டபுள் ஃபிளாட், கடைசியில் பி டிரிபிள் ஃபிளாட். கிளம்பிய வீட்டுக்கே வந்து சேர்ந்திருக்கிறோம், வாசலில் மட்டும் வேறு பெயர்ப்பலகை. அதனால்தான் பிராம்ஸ் வழியில் எங்கோ ஃபிளாட்டை விட்டு ஷார்ப்புக்குத் தாவுகிறார். எங்கே தாவினாலும் அது எழுதுகிறவர் வசதிக்காகத்தான். ஒலியில் அங்கே ஒன்றும் நடக்கவில்லை.

தம்பி கேட்ட "கீ எங்கே மாறியது" என்பதற்கும் பதில் இதுதான். மாறிய இடம் என்று ஒன்று இல்லை. எண்ணைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, மூன்று பேர் பாடுகிறார்கள் என்று வைத்து, ஒவ்வொருவர் என்ன செய்கிறார் என்று மேலிருந்து கீழாகப் பாருங்கள். குழப்பம் வராமல் இருக்க ஒரு கட்டைக்கு ஒரே பெயராக எழுதியிருக்கிறேன்:

```
Ab  :  Ab  C   Eb
Abm :  Ab  B   Eb
E   :  Ab  B   E
Em  :  G   B   E
C   :  G   C   E
Cm  :  G   C   Eb
Ab  :  Ab  C   Eb
```

குழித்துறை_கீபோர்டு

டீச்சர், இதை இப்போதுதான் வாசித்துப் பார்த்தேன். ஒவ்வொரு அடியிலும் ஒரே ஒரு விரல்தான் நகர்கிறது, அதுவும் பக்கத்துக் கட்டைக்கு! மூன்று விரலுக்கும் ஆளுக்கு இரண்டே சுரம். முதல் ஆள் ஏ ஃபிளாட்டுக்கும் ஜிக்கும், இரண்டாமவர் சிக்கும் பிக்கும், மூன்றாமவர் ஈ ஃபிளாட்டுக்கும் ஈக்கும் போய்வருகிறார்கள். ஆறு கார்டில் இவ்வளவுதானா நடக்கிறது?

மார்த்தாண்டம்_டீச்சர்

இவ்வளவுதான். தனித்தனியாகக் கேட்டால் மூன்று பேரும் அரைச்சுரம் போய்த் திரும்புகிறார்கள். சேர்ந்து கேட்டால் உலகமே சுற்றுகிற மாதிரி இருக்கிறது. அது எப்படி என்று கேட்டால், மூவரும் ஒரே நேரத்தில் நகர்வதில்லை. ஒருவர் முறை முடிந்ததும் அடுத்தவர் முறை. சரியான வரிசையில் நகர்வதால் நடுவில் எந்த நிலையிலும் ஒழுங்கான மேஜரோ மைனரோ மட்டுமே கிடைக்கிறது. வரிசையைக் கெடுத்துப் பாருங்கள்: முதல் கார்டில் சி நகர்வதற்குமுன் ஈ ஃபிளாட் ஈக்கு ஏறினால் ஏ ஃபிளாட், சி, ஈ என்று ஆக்மென்டட் கார்டு வந்துவிடும், அந்தரத்தில் தொங்கும்.

இதில் இரண்டே வகை நகர்வு மாறி மாறி வருகிறது. மேஜரின் தேர்ட் இறங்கி அதே ரூட்டில் மைனர் ஆவது ஒன்று. இதற்கு பி என்று பெயர், பேரலல் என்பதன் பி, பி சுரம் அல்ல. மைனரின் ஃபிஃப்த் அரைச்சுரம் ஏறி, கீழே மேஜர் தேர்டில் உள்ள மேஜராக மாறுவது இன்னொன்று, இதற்கு எல். இரண்டையும் திருப்பியும் செய்யலாம், வந்த வழியே போய்விடலாம். பி, எல், பி, எல், பி, எல் என்று ஆறு முறை செய்தால் வட்டம் மூடிவிடும். தங்கையின் பக்கத்தில் இருப்பது முழு வட்டம். முழு வட்டமும் ஒரே மூச்சில் வருவது அபூர்வம். மற்ற இசையமைப்பாளர்களிடம் பெரும்பாலும் அதன் துண்டுகள்தான் கிடைக்கும்.

இந்த எழுத்துகளின் வேர் ஹியூகோ ரீமான் காலத்துக்குப் போகிறது. இப்போது நாம் பேசுகிற வடிவத்துக்கு 1980களில் வழி போட்டவர் டேவிட் லூயின். 1996இல் ரிச்சர்ட் கோன் இந்த ஆறு கார்டு வட்டத்தை எடுத்து விரித்தபோது காட்டிய உதாரணங்களில் ஒன்று இதே பிராம்ஸ் இடம்.

நித்திரவிளை_ஆல்டோ

நல்ல விஷயம் பேசுகிறீர்கள். எங்கள் கொயரில் ஒரு சங்கடம் இருக்கிறது. கடைசிச் சரணத்துக்கு முன்னால் பாட்டை சி-யிலிருந்து ஈ-க்கு ஏற்ற வேண்டும் என்று மாஸ்டர் சொல்கிறார். கீபோர்டுகாரர் சட்டென்று ஏற்றினால் சபை விழித்துக்கொண்டு நிற்கிறது. இந்த பி, எல் வைத்து ஏற்ற வழி உண்டா?

மார்த்தாண்டம்_டீச்சர்

கேள்வி வேறாக இருந்தாலும் பதில் இருக்கிறது. சி மேஜர், ஈ மைனர், ஈ மேஜர். முதல் அடியில் சி மட்டும் பிக்கு இறங்கும், அது எல். இரண்டாவதில் ஜி மட்டும் ஜி ஷார்ப்புக்கு ஏறும், அது பி. மேலே ஈ அசையாமல் நிற்கும். உங்கள் ஆல்டோ அந்த ஈயைப் பிடித்துக்கொண்டால் சபைக்கும் ஒரு பிடி கிடைக்கும்.

ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்படிப் போனால் ஈ மேஜர் *கார்டு*க்கு வந்துவிடுவீர்கள், ஈ மேஜர் *கீ*க்கு வந்ததாக யாரும் நம்ப மாட்டார்கள். இந்த நகர்வுகள் எந்தச் சுரத்தையும் வீடு என்று நாட்டாது. வந்து சேர்ந்தபின் ஒரு பி செவன்த் போட்டுத்தான் நாட்ட வேண்டும். அப்புறம், நான்கு அரைச்சுரம் ஏற்றினால் உங்கள் சோப்ரானோ சம்மதிப்பார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாறசாலை_பாஸ்

டீச்சர், விடாமல் கேட்கிறேன் என்று நினைக்காதீர்கள். இந்த மாதிரி நகர்வில் ஆர் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு என்று படித்திருக்கிறேன். சி மேஜர் ஏ மைனர் ஆவது. அதிலும் ஒரு விரல்தான் நகர்கிறது. மூன்றும் ஒரே சிக்கனம்தானே? அப்படியானால் பிராம்ஸ் ஏன் இரண்டை மட்டும் எடுத்தார்?

மார்த்தாண்டம்_டீச்சர்

ஒரு விரல்தான், ஆனால் எவ்வளவு தூரம்? ஜி-யிலிருந்து ஏ-க்கு. முழுச்சுரம். பி-யிலும் எல்-லிலும் செலவு ஒன்று, ஆர்-இல் இரண்டு. நீங்கள் சொன்னது விரலை எண்ணினால் சரி, தூரத்தை அளந்தால் சரியில்லை.

ஆர் சேர்ந்தால் போகிற ஊரே மாறிவிடும். ஆர்-ஐயும் எல்-ஐயும் மாற்றி மாற்றிப் போட்டால் சி மேஜர், ஏ மைனர், எஃப் மேஜர், டி மைனர் என்று தேர்டு தேர்டாக இறங்கிக்கொண்டே போகும். இருபத்து நான்கு மேஜர் மைனரையும் சுற்றித்தான் திரும்ப முடியும். பீத்தோவன் ஒன்பதாவது சிம்ஃபொனியின் இரண்டாம் மூவ்மென்டில் சி மேஜரில் கிளம்பி இதே வழியில் பத்தொன்பதாவது கார்டான ஏ மேஜர் வரை போகிறார். அதைக் கேட்டால் படியிறங்குகிற மாதிரி இருக்கும், பக்கத்துப் பக்கத்துக் கீ-யாகப் போவதால் கால் தரையிலேயே இருக்கும். பிராம்ஸ் வட்டத்தில் அந்தத் தரைதான் இல்லை.

கல்பாத்தி_வயலின்

டீச்சருக்கு நமஸ்காரம். நான் கர்நாடக சங்கீதக்காரன், பாலக்காட்டிலிருந்து எழுதுகிறேன். கார்டு எனக்கு வராது. ஆனால் நீங்கள் போட்ட பட்டியலில் உள்ள ஆறு சுரத்தையும் சி-யை சட்ஜமாக வைத்துப் பார்த்தேன்: ஷட்சுருதி ரிஷபம், அந்தர காந்தாரம், பஞ்சமம், சுத்த தைவதம், காகலி நிஷாதம். 33ஆவது மேளம் காங்கேயபூஷணியில் மத்தியமத்தை எடுத்துவிட்டால் இதுதானே! அப்படியானால் பிராம்ஸ் விவாதி ராகம் வாசித்தார் என்று சொல்லலாமா?

இன்னொன்று. அந்தர காந்தாரத்தை சட்ஜமாக்கி கிரகபேதம் செய்தால் அதே ஆறு சுரம் மறுபடி வருகிறது. சுத்த தைவதத்தில் வைத்தாலும் அதேதான். இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. வழக்கமாக வேறு ராகமல்லவா வரும்?

மார்த்தாண்டம்_டீச்சர்

ராகம் என்று சொல்ல மாட்டேன். பிராம்ஸ் இந்த ஆறு சுரத்தையும் எந்த வரிசையில் பாட வேண்டும் என்று நினைக்கவில்லை, மூன்று மூன்றாகத்தான் ஒலிக்கவிடுகிறார். ஆனால் கிரகபேதம் பற்றி நீங்கள் கண்டது விஷயத்தின் நடுவில் போய்க் குத்துகிறது. மூன்று சுரங்களில் எதை சட்ஜமாக வைத்தாலும் ஒரே உருவம் வருகிறது என்றால், கேட்கிறவருக்கு இதுதான் சட்ஜம் என்று தீர்மானிக்க அந்த ஆறு சுரத்துக்குள் ஆதாரமே இல்லை. ஏ ஃபிளாட், ஈ, சி மூன்றுக்கும் சம உரிமை. தம்பியால் கீ சொல்ல முடியாமல் போனது அதனால்தான். தம்புரா போட்டால் உடனே தீர்ந்துவிடும், ஆனால் அப்போது இது இதுவாக இருக்காது.

கல்பாத்தி_வயலின்

தம்புரா என்றதும் ஒன்று தோன்றுகிறது. எங்கள் அந்தர காந்தாரம் 5/4. அதன் மேல் இன்னொரு 5/4, அதன் மேல் இன்னொன்று என்று அடுக்கினால் மேல் ஸ்தாயி சட்ஜம் வராதே, குறையுமே. பியானோவில் மூடுகிற வட்டம், சுத்தமாகப் பாடினால் மூடுமா?

மார்த்தாண்டம்_டீச்சர்

மூடாது. மூன்று முறை பெருக்கினால் 125/64. மேல் சட்ஜத்துக்கு வேண்டியது 128/64. குறைவது சுமார் 41 சென்ட், அரைச்சுரத்தில் பாதிக்குக் கொஞ்சம் கம்மி. கீபோர்டில் இந்தக் குறையை மூன்று தேர்டுகளுக்கும் பங்கு போட்டு ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

துணைக்கருவி இல்லாமல் ஒரு கொயர் இந்த வட்டத்தைப் பாடுகிறது என்று வையுங்கள். அசையாத இரண்டு பேரும் தங்கள் சுருதியை அப்படியே பிடித்துக்கொள்கிறார்கள், நகர்கிறவர் அவர்களோடு சுத்தமாகச் சேர்கிறார். ஒவ்வொரு குரலும் இறங்கும்போது சுமார் 71 சென்ட் இறங்குகிறது, ஏறும்போது 112 ஏறுகிறது. இறங்கியதைவிட அதிகம் ஏறுவதால், ஒரு சுற்று முடியும்போது கொயர் முழுவதும் 41 சென்ட் மேலே நிற்கும்.

பாறசாலை_பாஸ்

கொயர் சுருதி *ஏறுமா*? எங்கள் கொயர் வாழ்நாளில் ஏறியதில்லை.

நித்திரவிளை_ஆல்டோ

வெள்ளிக்கிழமை பிராக்டிஸில் செய்து பார்த்தோம். மூன்று குரல், "ஊ" என்று மெதுவாக, போனில் டியூனர் வைத்து. ஏறவில்லை. கொஞ்சம் இறங்கத்தான் செய்தது. ஆனால் எங்கே இறங்கியது என்பதுதான் வேடிக்கை. பி அடிகளில், அதாவது மேஜர் மைனராகும் இடத்தில், நகர்கிறவர் தேவைக்கு அதிகமாகவே இறங்கிவிடுகிறார். எல் அடியில் ஏற வேண்டியவர் எட்டாமல் நிற்கிறார். இரண்டு தப்பும் சேர்ந்தால் கீழேதானே போகும்?

மார்த்தாண்டம்_டீச்சர்

அப்படியானால் அவர்கள் பக்கத்துக் குரலைக் கேட்டுச் சேரவில்லை, கீபோர்டில் பழகிய அரைச்சுரத்தை நினைவில் வைத்து அளக்கிறார்கள். அதிலும் ஏறுகிற அரைச்சுரத்தைக் குறுக்குவது பாடகர்களின் பழைய பழக்கம். நான் சொன்ன கணக்கு, எல்லாரும் ஒவ்வொரு கார்டிலும் நின்று சேர்ந்தால் மட்டும்தான் பலிக்கும். ஒவ்வொரு கார்டையும் நீண்ட நேரம் நிறுத்திப் பார்த்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள ஆசை.

குழித்துறை_கீபோர்டு

இதற்கிடையில் நான் வட்டத்தைக் குறுக்கே தாண்டிப் பார்த்தேன். ஏ ஃபிளாட் மேஜரிலிருந்து நேராக ஈ மைனர். மூன்று விரலும் அரைச்சுரம் நகர்கிறது, ஒரு சுரம்கூடப் பொதுவாக நிற்கவில்லை. வீட்டில் அம்மா "என்னடா பேய்ப்படமா?" என்றார்கள்.

மார்த்தாண்டம்_டீச்சர்

வட்டத்தில் அதுதான் நேர் எதிர்ப்புறம், அதைவிடத் தூரம் கிடையாது. விசித்திரம் என்னவென்றால் இரண்டும் ஒன்றுக்கொன்று லீடிங் நோட் மாதிரி நடந்துகொள்கின்றன. ஜி ஏறி ஏ ஃபிளாட்டுக்குப் போக ஆசைப்படுகிறது, ஈ ஃபிளாட்டோ ஏறி ஈ-க்குப் போக ஆசைப்படுகிறது. எது வீடு, எது வெளி என்று காது முடிவு செய்ய முடியாமல் தவிக்கும். பேய், மரணம், மந்திரம் என்றால் இந்த ஜோடியை எடுப்பது வழக்கமானது அதனால்தான்.

அந்தப் பயத்தில் பாதி அளவு வேண்டுமானால் வாக்னரைப் பாருங்கள். ரைன்கோல்டில் போட்டால் உருவம் மறையும் மாயத் தலைக்கவசம் வருகிறதே, அதற்கு ஊமையடைத்த ஹார்ன்களில் ஜி ஷார்ப் மைனர், ஈ மைனர். நம் பட்டியலில் இரண்டாவது வரியும் நான்காவது வரியும். நடுவில் இருக்க வேண்டிய ஈ மேஜரை விழுங்கிவிட்டார். பி மட்டும் அசையாமல் நிற்க, ஒரு குரல் ஏறுகிறது, ஒரு குரல் இறங்குகிறது. மைனரிலிருந்து மைனருக்கே போவதால் வெளிச்சமே இல்லை.

பாறசாலை_பாஸ்

எல்லாம் சரி. ஆனால் இது மூன்று சுரக் கார்டுக்கு மட்டும்தானே? அந்தக் காலத்து ஸ்கோரைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் செவன்த். வாக்னரையே எடுத்தீர்கள், டிரிஸ்டானின் முதல் கார்டுக்கு பி, எல், ஆர் எதைப் போடுவீர்கள்?

மார்த்தாண்டம்_டீச்சர்

எதையும் போட மாட்டேன். அந்த மூன்றும் இருபத்து நான்கு மேஜர் மைனருக்கு மட்டும் செய்த கருவி. செவன்துக்கு வேறு நகர்வுகளைக் கட்டியிருக்கிறார்கள், ஆனால் இந்த வட்டத்தின் அழகு அங்கே அப்படியே வருவதில்லை. சிக்கனத்தை எண்ணும் பழக்கம் மட்டும் அங்கேயும் உதவும். டிரிஸ்டான் கார்டு எஃப், பி, டி ஷார்ப், ஜி ஷார்ப். அது போய்ச் சேரும் ஈ செவன்த்: ஈ, ஜி ஷார்ப், பி, டி. எஃப் ஈ-க்கு இறங்குகிறது, டி ஷார்ப் டி-க்கு இறங்குகிறது, மற்ற இரண்டும் இரண்டு கார்டிலும் உண்டு. மொத்தச் செலவு இரண்டே அரைச்சுரம்.

பாறசாலை_பாஸ்

நில்லுங்கள். ஸ்கோரில் அப்படியா இருக்கிறது? ஓபோ ஜி ஷார்ப்பில் நிற்கவே இல்லை. ஏ, ஏ ஷார்ப், பி என்று ஊர்ந்து ஏறுகிறது. உள்ளே பி-யில் இருந்த குரல் ஜி ஷார்ப்புக்குக் கீழே தாவுகிறது. இரண்டு பேரும் இடம் மாற்றிக்கொள்கிறார்கள். எல்லாருக்கும் காதில் ஒட்டிக்கொண்டிருப்பதே ஓபோ ஏறுகிற அந்த நான்கு சுரம்தான். நீங்களோ "ஜி ஷார்ப்பும் பி-யும் அசையவில்லை" என்று எழுதுகிறீர்கள். யார் காதுக்கு அசையவில்லை?

மார்த்தாண்டம்_டீச்சர்

இந்தக் கேள்விக்கு என்னிடம் முழு விடை இல்லை. சிக்கனத்தை எண்ணும்போது நாம் எண்ணுவது இந்தக் கட்டையிலிருந்து அந்தக் கட்டைக்கு உள்ள மிகக் குறைந்த தூரத்தை. வாசிக்கிறவர் உண்மையில் போன தூரத்தை அல்ல. பிராம்ஸிலும் பேஸ் தேர்டு தேர்டாகத் தாவினால் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எல்லாத் தாவலுக்கும் அடியில் அந்தச் சிறிய நகர்வைக் காது பின்தொடர்கிறது என்பது ஒரு நம்பிக்கை. பிராம்ஸ் இடத்தில் எனக்கு அது கேட்கிறது. டிரிஸ்டானில் நீங்கள் சொல்கிற ஓபோதான் எனக்கும் கேட்கிறது.

குழித்துறை_கீபோர்டு

தங்கைக்கு இப்படி எழுதி அனுப்பிவிட்டேன்: ஏ ஃபிளாட்டுக்கு வந்து சேரும்வரை ரோமன் எண், வட்டம் முழுக்க பி, எல், பி, எல், பி, எல், வட்டத்தை விட்டு வெளியேறியதும் மறுபடி ரோமன் எண். "பேப்பர் திருத்துகிறவர் நடுவில் வரும் எழுத்தைப் பார்த்து மார்க்கைக் குறைத்தால் யார் பொறுப்பு?" என்று கேட்கிறாள். பாஸ் அண்ணன் எழுதிய எண்ணையும் அடியில் சேர்த்துவிடச் சொல்லட்டுமா, டீச்சர்?

பாறசாலை_பாஸ்

சேர்த்துவிடு தம்பி. எஃப் ஃபிளாட்டிலிருந்து சி-க்குப் போகும் இடத்தில் மட்டும் ஒரு கேள்விக்குறி போடச் சொல்.